வரியிறுதிச் சிறுகோடும் உடைந்த பத்திகளும்: ஒரு பிடிஎஃப் நூலை ஓடும் உரையாக மீட்ட நிகழ்வின் ஆய்வு

பாசனம் குறித்த 96 பக்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைக் கைப்பேசியில் படிக்கத் தக்க மின்னூலாக மாற்றித் தரும் பணி சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. பக்க வடிவமைப்புச் செய்த மூலக் கோப்பு அழிந்துபோயிருந்ததால், அச்சகத்திற்கு அனுப்பப்பட்ட பிடிஎஃப் ஒன்றே எஞ்சியிருந்தது. எழுத்துகள் யூனிகோடில் இருந்தமையால் நகலெடுத்து ஒட்டியபோது அவை சிதையாமல் வந்தன. ஆனால் ஒவ்வொரு அச்சு வரியும் தனித்தனி வரியாகவே வந்து விழுந்தது. வரியின் முடிவில் இடம் போதாமல் முறிக்கப்பட்ட சொற்கள் சிறுகோட்டுடன் இரண்டு துண்டுகளாக நின்றன. பத்தி எங்கே முடிகிறது என்பதற்கான அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை.

இந்த நிலை ஏற்படுவதற்கான காரணம் பிடிஎஃப் என்னும் வடிவத்திலேயே இருக்கிறது. குறியிடப்பட்ட அமைப்பு சேர்க்கப்படாத பிடிஎஃப் கோப்பில் பத்தி என்ற ஒன்று பதிவாவதே இல்லை. இந்த எழுத்துருவில், இந்த அளவில், பக்கத்தின் இந்தப் புள்ளியில், இந்த எழுத்துகளை வரை என்ற கட்டளைகள் மட்டுமே அதில் உள்ளன. நாம் நகலெடுக்கும்போது, எழுத்துகளின் இருப்பிடத்தைப் பார்த்து, "உயரம் மாறிவிட்டது, ஆகவே புதிய வரி" என்று படிப்பான் மென்பொருள் ஊகித்து வரிமுறிவைச் செருகுகிறது. பத்தியின் முதல் வரியில் விடப்பட்ட உள்தள்ளல் வெறும் இடமாற்றமாகவே பதிவாகியிருப்பதால் ஒட்டும்போது பெரும்பாலும் காணாமற்போகிறது. சொல்லை முறிக்க வடிவமைப்பு மென்பொருள் தானாக இட்ட சிறுகோடோ, ஆசிரியர் கைப்பட இட்ட சிறுகோட்டைப் போலவே பக்கத்தில் வரையப்பட்டிருப்பதால், இரண்டும் வேறுபாடின்றி நம் கைக்கு வருகின்றன.

முதல் முயற்சியில் நான் செய்தது பலரும் செய்யும் செயல்தான். வரியின் முடிவில் சிறுகோடு இருந்தால் அதையும் வரிமுறிவையும் சேர்த்து நீக்கினேன். எஞ்சிய வரிமுறிவுகளையெல்லாம் ஒற்றை இடைவெளியாக மாற்றினேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் பக்கத்தைப் படித்தபோது உரை ஒழுங்காக ஓடுவதாகத்தான் தோன்றியது. ஏழாம் பக்கத்தில் ஓர் ஆண்டு 197075 என்று நின்றது. மூலத்தில் 1970-75 என்ற காலவரம்பு வரியின் இறுதியில் முறிந்திருந்தது. நான் சிறுகோட்டை நீக்கியதும் இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன. அதற்கும் சில பக்கங்கள் தள்ளி, ஏக்கர் கணக்கு ஒன்று இதேபோல 2,5003,000 என்று மாறியிருந்தது. சொற்களில் நேரும் பிழையைப் படிப்பவர் கண்டுகொள்வார். எண்களில் நேரும் பிழையை அவர் உண்மையென்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்தக் கோப்பை அப்படியே கைவிட்டு, முதல் ஒட்டலிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

இரண்டாம் முறை, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு பத்தியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதன் தொடக்கம் இது.

```
மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பரம்பிக்குளம்-
ஆழியாறு திட்டத்துக்கான இருமாநில ஒப்பந்தம் 1970-
இல் கையெழுத்தானது. கோவை, திருப்பூர் மாவட்டப் பாச-
னத்துக்கு இத்திட்டத்தின் நீர் செல்கிறது. இதற்கென
```

அடுத்தடுத்த மூன்று வரிகள் சிறுகோட்டில் முடிகின்றன. மூன்றும் மூன்று வகை. முதலாவது, இரண்டு பெயர்களை இணைக்கும் சிறுகோடு. அது ஆசிரியருடையது, ஆகவே நிற்க வேண்டும். இரண்டாவது, எண்ணுக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையே தமிழில் நாம் வழக்கமாக இடும் சிறுகோடு. அதுவும் நிற்க வேண்டும். மூன்றாவது மட்டுமே வடிவமைப்பு மென்பொருள் இடமின்மையால் இட்டது. அதுதான் நீங்க வேண்டும். முதல் இரண்டு இடங்களில் வடிவமைப்பு மென்பொருள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த சிறுகோட்டை வரியை முறிக்க வசதியான இடமாகப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே. ஆங்கில உரைக்கென எழுதப்பட்ட சீரமைப்புக் கருவிகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் இரண்டாம் வகையில்தான் அதிகம் அடிபடுகிறோம். ஆண்டுகள், தேதிகள், வரிசை எண்கள் நிறைந்த கட்டுரைகளில் 1970-இல், 12-ஆம், 5-க்கும் என்பவை பக்கந்தோறும் வருகின்றன.

சிறுகோட்டைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

சிறுகோட்டைப் பற்றிய முடிவு எதுவும் சரியாக அமைய வேண்டுமானால், உடைந்த சொல்லின் இரண்டு பாதிகளும் உண்மையிலேயே அடுத்தடுத்த வரிகளில் இருக்க வேண்டும். ஒட்டிய உரையில் அப்படி இருப்பதில்லை. ஒரு பக்கத்தின் கடைசி வரி "விவ-" என்று முடிந்தால், அதன் பின் பக்க எண் ஒரு வரியாகவும், அடுத்த பக்கத்தின் தலைப்பில் ஓடும் கட்டுரைப் பெயர் மற்றொரு வரியாகவும் வந்த பிறகே "சாயிகள்" வருகிறது. ஆகவே பக்க எண்களையும் ஓடும் தலைப்புகளையும் நீக்குவது முதல் வேலை. ஒன்று முதல் மூன்று இலக்கங்கள் மட்டுமே உள்ள வரிகளைத் தேடிப் பட்டியலிட்டேன். அவை 1 முதல் 96 வரை வரிசையாக வருகின்றனவா என்று பார்த்த பின்னரே நீக்கினேன். அவ்வாறு பார்க்காமல் நீக்கியிருந்தால், அட்டவணை ஒன்றில் தனி வரியாக நின்ற மழைநாட்களின் எண்ணிக்கையும் சேர்ந்து போயிருக்கும். ஓடும் தலைப்புகள் சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அதே சொற்கள் கட்டுரையின் முதல் பக்கத்தில் உண்மையான தலைப்பாகவும் நிற்கின்றன. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். சில வரிகளில் சிறுகோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி ஒளிந்திருந்தது. அதனால் "சிறுகோடு, உடனே வரிமுறிவு" என்று தேடிய தேடல் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. வேறு சில இடங்களில், விசைப்பலகையில் நாம் தட்டும் சிறுகோட்டுக்குப் பதிலாக U+00AD என்னும் மென்சிறுகோடோ U+2010 என்னும் தனிச் சிறுகோடோ இருந்தது. மென்சிறுகோடு பல எழுதுகளங்களில் திரையில் தெரிவதே இல்லை என்பதால், அது உரையின் நடுவில் தங்கிவிட்டால் பிற்காலத்தில் அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு அகப்படாது. பைத்தானில் இந்தத் தூய்மைப்பணி சில வரிகளில் முடிகிறது.

```python
import re, unicodedata
t = open("nool.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
t = re.sub(r"[ \t\u00a0]+\n", "\n", t)
t = re.sub("[\u00ad\u2010]\n", "-\n", t)
t = t.replace("\u00ad", "")
```

மூன்றாவது வரியில் உள்ள NFC என்னும் சீராக்கம் தமிழுக்கு அவசியமானது. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பின்னர் சொற்களை ஒப்பிடப் போகிறோம் என்பதால் இங்கேயே அவற்றை ஒருமைப்படுத்திவிட வேண்டும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கும் கோப்புகளை இந்தச் சீராக்கம் திருத்தாது. அந்தப் பிழை உள்ள கோப்புக்கு முதலில் எழுத்து வரிசையைச் சரிசெய்யும் தனி வேலை தேவைப்படும். என் கோப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

பத்தி முடிவைக் கண்டறிதல்

வரிகளை இணைக்கும் முன்பே பத்திகளின் எல்லையைக் குறித்துவிட வேண்டும். இணைத்த பிறகு வரியின் நீளம் என்ற ஒரே சான்றும் அழிந்துவிடும். இருபுறமும் சமன்செய்யப்பட்ட அச்சில் பத்தியின் கடைசி வரியைத் தவிர மற்றெல்லா வரிகளும் பத்தியின் அகலத்தை நிரப்புகின்றன. ஆகவே முற்றுப்புள்ளி, வினாக்குறி, மேற்கோள்குறி போன்ற ஒன்றில் முடிந்து, வழக்கமான நீளத்தில் முக்கால் பங்கையும் எட்டாத வரி பத்தியின் முடிவு என்று கொள்ளலாம்.

நீளத்தை எப்படி அளப்பது என்பதில்தான் தமிழுக்குரிய கவனம் வேண்டும். கணினி எண்ணும் குறியீடுகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்தால், "பட்டுக்கோட்டை" போன்று புள்ளிகளும் உயிர்க்குறிகளும் மிகுந்த சொற்கள் உள்ள வரி நீளமானதாகவும், "பல நகர மக" என்று அகர உயிர்மெய்கள் மிகுந்த வரி குட்டையானதாகவும் கணக்கிடப்படும். குறிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணினால் இந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு குறைகிறது.

```python
def neelam(s):
    return sum(unicodedata.category(c)[0] != "M" for c in s)
```

இந்த அளவின்படி என் நூலின் நிறைந்த வரிகள் பெரும்பாலும் 30 முதல் 32 வரை இருந்தன. ஆகவே 23-க்குக் குறைந்து, நிறுத்தக்குறியில் முடிந்த வரிகளுக்குப் பின் ஒரு வெற்று வரியைச் சேர்த்தேன். எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால் (ரகரத்தின் அருகில் ணகரத்தை வைத்துப் பார்த்தால் புரியும்) முக்கால் பங்கு என்பதைவிட நெருக்கமான எல்லையை வைப்பதில் பயனில்லை.

இந்த முறை தவறும் இடங்களும் உண்டு. பத்தியின் கடைசி வரி தற்செயலாக அகலத்தை நிரப்பிவிட்டால் இரண்டு பத்திகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். உரையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே வழக்கத்துக்கு மாறாக நீண்டிருந்த பத்திகளைப் பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றையும் பிடிஎஃப் பக்கத்தின் உள்தள்ளலோடு ஒப்பிட்டேன். இதற்கு நேர்மாறான தவறு படங்கள் இருந்த மூன்று பக்கங்களில் நேர்ந்தது. படத்தைச் சுற்றி உரை ஓடியதால் அங்கே எல்லா வரிகளுமே குட்டையாக இருந்தன. வரியின் இறுதியில் வாக்கியம் முடிந்த இடமெல்லாம் பத்தியாக வெட்டுப்பட்டது. அந்த மூன்று பக்கங்களையும் கையாலேயே சரிசெய்தேன். உள்தலைப்புகள் நிறுத்தக்குறி இல்லாத குட்டை வரிகள் என்பதால் இந்த விதிக்குள் வரமாட்டா. அவற்றைத் தனியே தேடி முன்னும் பின்னும் வெற்று வரி இட வேண்டும்.

செய்யுள் மேற்கோள்களை இந்தப் பணி முழுவதிலிருந்தும் விலக்கி வைப்பதே முறை. குறளின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். அந்த அடிப்பகுப்பைக் குலைத்து ஓட்டிவிட்டால் அது செய்யுளாக நில்லாது. மேலும், செய்யுளில் இடைவெளி சீரின் எல்லையில் விழுகிறது, சொல்லின் எல்லையில் விழுவதில்லை. சொல் உடைந்திருப்பதாக எண்ணி அதைச் சேர்த்துவிடுவது யாப்பைச் சிதைப்பதாகும். நூலில் இருந்த மேற்கோள் பாக்களை முதலிலேயே வேறு கோப்பில் எடுத்து வைத்து, அவற்றின் இடத்தில் ஓர் எண்குறியை விட்டு, எல்லாம் முடிந்த பிறகு திரும்பச் சேர்த்தேன்.

சிறுகோட்டின் தீர்ப்பு

இப்போது நூலில் வரியிறுதிச் சிறுகோடுகள் 412 இருந்தன. முதலில் நான் எழுதிய தேடல் `(\w)-\n(\w)` என்பது. அது ஏறத்தாழப் பாதி இடங்களை மட்டுமே கண்டுபிடித்தது. "பாச-" என்பது அகப்பட்டது. "பயிரி-" என்பது அகப்படவில்லை. காரணம் என்னவென்றால், பைத்தானின் `re` தொகுதியில் `\w` என்பது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் சார்புக்குறிகள் என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அவற்றை அது எழுத்தாகக் கருதுவதில்லை. அதே காரணத்தால் `\w+` கொண்டு சொற்களைப் பிரித்தால் "பாசனம்" என்பது "ப", "சனம" என்று இரண்டாக உடையும். தமிழுக்கு `[\u0B80-\u0BFF]` என்று குறியீட்டு எல்லையையே எழுதிவிடுவது பாதுகாப்பானது.

ஒவ்வொரு முறிவிலும் சிறுகோட்டுக்கு முன்னுள்ள துண்டு, பின்னுள்ள துண்டு என்று இரண்டு உள்ளன. தீர்ப்பு பெரும்பாலும் பின்னுள்ள துண்டின் முதல் எழுத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான் இந்தப் பணியில் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்த கண்டுபிடிப்பு. அதற்கான கருவி இலக்கண நூல்களில் மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிச் சொல்லும் பகுதியில் ஆயத்தமாக இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிர், மெய்யோடு சேர்ந்து உயிர்மெய்யாகவே வரும். தனித்த உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே நிற்கும். ஆகவே அடுத்த வரி "ஆழியாறு", "இல்", "ஆம்" என்று உயிரெழுத்தில் தொடங்கினால், அது முறிக்கப்பட்ட சொல்லின் வாலாக இருக்க முடியாது, சிறுகோடு ஆசிரியருடையது. மறுபுறம், ண, ழ, ள, ற, ன ஆகிய ஐந்தின் வருக்கங்கள் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. வழக்கில் உள்ள கடன்சொற்களும் இவற்றில் தொடங்குவதில்லை. ஆகவே "னத்துக்கு" என்று தொடங்கும் வரி உறுதியாக ஒரு சொல்லின் வால்தான்; சிறுகோடு நீங்கலாம். ட, ர, ல ஆகியவையும் இலக்கணப்படி மொழிமுதல் ஆகாதவையே. எனினும் டெல்டா, ரயில், லாரி போன்ற சொற்களால் அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை. "மதுரை-ராமேஸ்வரம்" என்ற தொடர் வரியிறுதியில் முறிந்தால் விதி பொய்த்துவிடும்.

மீதியுள்ள எழுத்துகளுக்கு இலக்கணம் விடை சொல்லாது. "விவ-" என்பதை அடுத்து வரும் "சாயிகள்" வால். "சிறு-" என்பதை அடுத்து வரும் "குறு" தனிச்சொல். இங்கே நூலையே சாட்சிக்கு அழைத்தேன். வரியின் நடுவில், முறிவுக்கு உட்படாமல் வந்துள்ள சொற்களையெல்லாம் திரட்டி வைத்துக்கொண்டால், "விவசாயி" என்ற சொல் முழுதாக வேறெங்கோ வந்திருக்கும். "சிறு-குறு" என்பதும் சிறுகோட்டுடன் வேறெங்கோ வந்திருக்கும். வெளி அகராதியைவிட இது பொருத்தமானது. ஊர்ப்பெயர்களும் துறைச்சொற்களும் ஆசிரியரின் எழுத்துவழக்கும் அந்த நூலிலேயே இருக்கின்றன. தமிழில் ஒரு சொல் உருபுகளும் சாரியைகளும் ஏற்று நூறு வடிவங்களில் வருவதால், முழுச்சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக, முறிந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் முன்பகுதி பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். "விவசாயிகளுக்காகவே" என்ற வடிவம் நூலில் ஒரே முறை வந்திருந்தாலும், "விவசா" என்று தொடங்கும் சொற்கள் நிறைய உள்ளன.

```python
t2 = re.sub(r"\S+-\n\S+", " ", t)
sol = set(re.findall("[\u0B80-\u0BFF]+", t2))

def mudivu(m):
    a, b = m.group(1), m.group(2)
    if a[-1].isdigit() or "\u0B85" <= b[0] <= "\u0B94":
        return a + "-" + b
    if b[0] in "ணழளறன":
        return a + b
    serndhu = any(w.startswith(a + b[:2]) for w in sol)
    kodu = (a + "-" + b[:2]) in t2
    if serndhu and not kodu:
        return a + b
    if kodu and not serndhu:
        return a + "-" + b
    return a + "@@" + b

t = re.sub(r"(\S+)-\n(\S+)", mudivu, t)
t = re.sub(r"(?<!\n)\n(?!\n)", " ", t)
```

எண்ணுக்குப் பின் வரும் சிறுகோடு எப்போதும் நிற்கும். 1970-75 காப்பாற்றப்பட்டது அந்த ஒரு நிபந்தனையால். இரண்டு சாட்சியமும் இருந்தாலோ, இரண்டுமே இல்லாவிட்டாலோ, கணினி முடிவெடுக்காமல் @@ என்ற அடையாளத்தை இட்டுவிட்டு நகர்கிறது. 412 இடங்களில் எண்ணும் உயிரெழுத்தும் 61-ஐயும், ஐந்து எழுத்து விதி 118-ஐயும், நூலின் சொற்றிரட்டு 187-ஐயும் தீர்த்தன. எஞ்சிய 46 இடங்களை நான் பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன்.

அந்த 46-இல் சில இடங்கள் உண்மையிலேயே எண்ணிப் பார்க்க வைத்தன. தொகுப்பின் ஒரு கட்டுரையாளர் "வடகிழக்கு" என்று எழுதுகிறார். மற்றொருவர் "வட-கிழக்கு" என்று எழுதுகிறார். வரியிறுதியில் முறிந்து நின்ற "வட-" எவருடைய கட்டுரையில் இருக்கிறதோ அவருடைய வழக்கையே பின்பற்றினேன். சீரமைப்பவர் இங்கே நூல் முழுவதற்கும் ஒரே வடிவத்தைத் திணிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒருமைப்படுத்துவது பதிப்பாசிரியரின் அதிகாரத்திற்கு உட்பட்டது, அதற்கான ஒப்புதல் என்னிடம் இல்லை.

கணினி தானாக இணைத்த இடங்களையும் படிக்காமல் விடவில்லை. இணைந்த சொற்களை மட்டும் அகரவரிசையில் பட்டியலிட்டுப் பார்த்தபோது "நீர்நில" என்று ஒன்று தட்டுப்பட்டது. மூலத்தில் அது "நீர்-நில வளம்". நூலில் "நீர்நிலை" என்ற சொல் பல இடங்களில் வந்திருந்தது. கணினியின் பார்வையில் "நிலை" என்பது நி, ல, ஐகாரக் குறி என்ற வரிசை; ஆகவே "நீர்நி" என்ற முன்பகுதி "நீர்நிலை"யோடு பொருந்திவிட்டது. முழுமையாக "நீர்நில" என்று தேடியிருந்தாலும் இதே தவறு நேர்ந்திருக்கும். "ல" முடிந்து "லை" தொடங்குகிறது என்பது குறியீடுகளைப் பார்க்கும் கருவிக்குத் தெரியாது. ஒப்பிடும் பகுதியை நீட்டினால் இந்தத் தவறு குறையும். ஆனால் சரியாகத் தீர்க்கப்பட்ட பல சொற்களும் @@ பக்கம் போய்விடும். அந்தச் சொற்களைக் கண்ணால் படிக்கக் கால் மணி நேரமே ஆனது என்பதால் விதியை மாற்றாமல் பட்டியலைப் படிப்பதையே தேர்ந்தேன்.

முன்னுரை மட்டும் வேறொரு மென்பொருளில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அதில் சொற்கள் சிறுகோடு இல்லாமலேயே முறிந்திருந்தன. தமிழ் அச்சில் இது வழக்கமானதுதான். அங்கே வரிகளை இடைவெளியிட்டு இணைத்ததும் "வே ளாண்மை" என்பது போன்ற உடைவுகள் தோன்றின. ஐந்து எழுத்து விதி இங்கும் பயன்பட்டது: இடைவெளியை அடுத்து ண, ழ, ள, ற, ன வந்தால் அது உடைந்த சொல். ஆனால் "மக் கள்" என்பதை இந்த விதியால் கண்டுபிடிக்க முடியாது. அதைக் "கதவைக் கண்டான்" என்பதில் உள்ள ஒற்று மிகுதலிலிருந்து வேறுபடுத்துவது படிப்பவரால் மட்டுமே இயலும். முன்னுரை நான்கு பக்கமே என்பதால் அதை முழுவதும் கையால் திருத்தினேன்.

எழுத்து எதுவும் இழக்கப்படவில்லை என்று உறுதிசெய்தல்

இத்தகைய பணியில் வரிமுறிவுகளும் இடைவெளிகளும் சிறுகோடுகளும் மட்டுமே மாற வேண்டும். வேறெந்த எழுத்தும் கூடவோ குறையவோ கூடாது. அதைச் சோதிப்பது எளிது. பக்க எண்களையும் தலைப்புகளையும் நீக்கிய நிலையில் munnar என்று எடுத்து வைத்த பிரதியிலிருந்தும், முடிவான உரையிலிருந்தும் இடைவெளி, சிறுகோடு, அடையாளக்குறி ஆகியவற்றை அகற்றிவிட்டு ஒப்பிட்டால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

```python
def saaram(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.sub(r"[\s@\-\u00ad\u2010]", "", s)
assert saaram(munnar) == saaram(t)
```

முதல் ஒப்பீடு தோல்வியடைந்தது. படப் பக்கங்களைக் கையால் திருத்தியபோது ஒரு வரியை அறியாமல் அழித்திருந்தேன். வேறுபாடு தொடங்கும் இடத்தைக் காட்டச் செய்ததும் அந்த வரி கிடைத்தது. ஆனால் இந்தச் சோதனை, சிறுகோடு தவறாக நீங்கியதையோ பத்தி தவறாக ஒட்டியதையோ சொல்லாது. முதல் முயற்சியில் தோன்றிய 197075 கூட இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே நான்கு இலக்கத்துக்கு மேற்பட்டு, காற்புள்ளியின்றி நிற்கும் எண்களைத் தனியே தேடினேன். நிறுத்தக்குறியில் முடியாத பத்திகளையும் பட்டியலிட்டேன். அவற்றில் உள்தலைப்புகளைக் கழித்தபின் எஞ்சிய இரண்டு, அடிக்குறிப்பு நடுவில் புகுந்ததால் வெட்டுப்பட்ட பத்திகள்.

உரையைப் பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநரிடம் பிடிஎஃப் கோப்போடு சேர்த்து ஒப்படைத்தேன். அவர் முழுவதும் படித்து நான்கு இடங்களைக் குறித்து அனுப்பினார். இரண்டு இடங்களில், கடைசி வரி நிறைந்திருந்ததால் தனித்தனிப் பத்திகள் ஒன்றாகியிருந்தன. அவை என் நீளப் பட்டியலில் வராத அளவுக்குச் சிறியவை. ஓரிடத்தில் உள்தலைப்பு ஒன்று முற்றுப்புள்ளியோடு அச்சாகியிருந்ததால் முந்தைய பத்தியின் கடைசி வாக்கியமாகச் சேர்ந்திருந்தது. நான்காவது, "பி-ஏபி". பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தைச் சுருக்கி "பிஏபி" என்று எழுதும்போது சொல்லின் நடுவில் உயிரெழுத்து நிற்கிறது. அந்தச் சொல் வரியிறுதியில் முறிந்த ஒரே இடத்தில், உயிரெழுத்து விதி சிறுகோட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஆங்கிலச் சுருக்கப் பெயர்களுக்கும் செய்யுளில் வரும் அளபெடைக்கும் அந்த விதி பொருந்தாது என்று நிரலின் தலையில் இப்போது குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.